பினட்டுபோவின் துளிகளும் கரியமில வாயுவும்

1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை வெடித்தபோது, சுமார் 1.5 கோடி டன் கந்தக டை ஆக்சைடு வளிமண்டலத்தின் மேலடுக்குக்குப் போனது. அங்கே அது நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாக மாறியது. உலகைக் குளிர்வித்தது சாம்பல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சாம்பல் சீக்கிரமே விழுந்துவிட்டது. இந்தத் துளிகள்தான் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பி, அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலையை ஏறக்குறைய 0.5 டிகிரி செல்சியஸ் குறைத்தன.

உலகைச் சூடாக்கும் கரியமில வாயு இந்தத் துளிகளுக்கு நேர்மாறு: வெயிலை உள்ளே விட்டுவிடும். தரையிலிருந்து எழும் வெப்பத்தைத்தான் பிடித்துவைக்கும். இரவிலும் அதற்கு ஓய்வில்லை.

பெரிய வித்தியாசம் ஆயுளில்தான். துளிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் உதிர்ந்தன, குளிர்ச்சியும் போனது. ஆலைப் புகையின் கந்தகத் துகள்கள் தாழ்வாகவே இருப்பதால், பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயுவில் ஒரு பகுதியோ நூற்றாண்டுகள் தங்கும்.