நிலவின் பிறைகள்: ஸ்லைடுகளைக் குறைப்பதா, கேள்விகளாக மாற்றுவதா?

எட்டு முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்கு நிலவின் பிறைகளை விளக்குவதற்காக 22 ஸ்லைடுகள் கொண்ட ஒரு தொகுப்பு என்னிடம் தரப்பட்டது. கிடைத்த நேரம் 40 நிமிடம். அதை அப்படியே வாசித்துக் காட்டுவது சரிவராது என்பது முதல் பார்வையிலேயே தெரிந்ததால், இரண்டு வழிகளை இரு வேறு குழுக்களிடம் செய்து பார்த்தேன். முதல் வழியில் ஸ்லைடுகளைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். இரண்டாவது வழியில் இரண்டு படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு விளக்கு, ஒரு வெள்ளைப் பந்து, நான்கு கேள்விகள் ஆகியவற்றைக் கொண்டே பேசினேன். இனி இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

முதல் வழிக்குத் தயாரிப்பு எளிது. நேரம் கையைவிட்டுப் போகாது. வேறொருவரிடம் கொடுத்தாலும் அவர் சமாளித்துக்கொள்வார். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கேள்வி விடைக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதே எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

நிலவு தேய்வதற்குப் பூமியின் நிழலே காரணம் என்று குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களிலும் பலர் நம்புகிறார்கள். ஸ்லைடு சரியான விளக்கத்தைக் காட்டிய பிறகு, "பிறை ஏன் தோன்றுகிறது?" என்று கேட்டால், குழந்தைகள் சற்றுமுன் படித்த வாக்கியத்தையே திருப்பிச் சொல்கிறார்கள்; நிழல் என்ற எண்ணம் உள்ளே அப்படியே இருக்கிறது. முதல் குழுவில் எல்லா விடைகளும் சரியாக வந்தன. முடிந்து வெளியே செல்லும்போது ஒரு சிறுமி, "அப்போ பூமி எப்போது நகர்ந்து நிலாவுக்கு வழிவிடும்?" என்று கேட்டாள்.

இரண்டாவது குழுவில் எதையும் விளக்குவதற்கு முன்பே, "அரைநிலவின் மற்றப் பாதி எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டு, சில விநாடிகள் பேசாமல் நின்றேன். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடிகளாவது காத்திருந்தால் விடைகள் நீண்டு செறிவடைகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டியிருக்கிறார். மேகம், நிழல், மறுபக்கம் திரும்பிவிட்டது என்று மூன்று விடைகள் வந்தன. மூன்றையும் பலகையில் எழுதினேன், எதையும் மறுக்கவில்லை. பிறகு தொகுப்பில் இருந்த, பிற்பகல் வானில் அரைநிலவு தெரியும் படத்தைக் காட்டி, "இந்த நேரத்தில் சூரியன் எங்கே இருக்கும்?" என்று கேட்டேன். சூரியனும் வானில்தான் இருக்கிறது என்றால், பூமியின் நிழல் சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கம் அல்லவா விழ வேண்டும்? நிழல் என்று சொன்ன சிறுவனே அதைப் பலகையிலிருந்து அழிக்கச் சொன்னான்.

அடுத்தது பந்து. அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கை ஏற்றி, குழந்தையின் தலையைப் பூமியாக வைத்து, நீட்டிய கையில் பந்தைப் பிடித்தபடி, விளக்கைப் பார்த்து நின்று தொடங்கி, இடப்பக்கமாக மெல்லச் சுற்றச் சொல்ல வேண்டும். கால் சுற்றில் பந்தின் வலப் பாதி ஒளிரும். பந்தின் ஒரு பாதி எப்போதும் ஒளியில்தான் இருக்கிறது என்பதையும், அதில் தனக்குத் தெரியும் அளவே மாறுகிறது என்பதையும் குழந்தை தானே காண்கிறது. தொகுப்பில் இருந்த எட்டு நிலவுகளின் வட்டப் படம் இதைச் செய்யவில்லை. மேலிருந்து பார்ப்பதையும் பூமியிலிருந்து பார்ப்பதையும் ஒரே தாளில் கலந்திருந்ததால், சிலர் எட்டு நிலவுகள் உண்டு என்றே எண்ணிக்கொண்டனர். அந்தப் படத்தை நீக்கிவிட்டேன்.

இந்த வழியில் ஒரு பொறி உண்டு. அரைச் சுற்றில், விளக்குக்கு முதுகு காட்டி நிற்கும்போது பந்து கண்மட்டத்தில் இருந்தால், தலையின் நிழல் அதன்மேல் விழுந்துவிடும். விரட்டிய நிழல் எண்ணம் திரும்பவும் உள்ளே நுழையும். பந்தைத் தலைக்குச் சற்று மேலே உயர்த்தச் சொல்வது அவசியம். உண்மையில் நிலவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான முழுநிலவுகள் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ கடந்துவிடுகின்றன என்பதை அப்போதே ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். கிரகணத்தை வேறொரு நாளுக்கு விட்டுவிடலாம்.

நான்கு கேள்விகளுக்கே 40 நிமிடமும் சென்றுவிட்டது. தொகுப்பில் இருந்த, நிலவில் இறங்கிய மனிதர்களைப் பற்றிய பகுதியை விட வேண்டியிருந்தது; அதை எதிர்பார்த்த சிலருக்கு ஏமாற்றமே. என் இரு குழுக்களிலும் முப்பதுக்கும் குறைவான குழந்தைகளே இருந்தனர், அறையை இருட்டாக்கவும் முடிந்தது. அறுபது பேர் உள்ள வெளிச்சமான கூடத்தில் பந்து எல்லோருக்கும் தெரியாது. அங்கே பிற்பகல் நிலவின் படத்தையும் முதல் இரண்டு கேள்விகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, மீதிக்கு ஸ்லைடுகளையே நம்புவேன்.