வயலுக்கு முதல் நாள்: லப்டொப் சோதனையா, மேசையில் உண்மையான போர்ட்டா?

கிளிநொச்சிப் பக்கக் கச்சான் தோட்டமொன்றில் வரிசைகளுக்கு நடுவே களை எடுக்கும் சிறு ரோபோவை எடுத்துக்கொள்வோம். பாதையைத் தீர்மானிப்பது ராஸ்பெரி பை. ஜிபிஎஸ் அளவை வாங்கி மோட்டர்களை ஓட்டுவது ஆர்டுயினோ மெகா. ஜிபிஎஸ் ஆர்டிகே வகை, இரண்டு மூன்று செ.மீ. துல்லியம் தரக்கூடியது. தோட்டத்துக்குக் கொண்டுபோக லான்ட்மாஸ்டர் பிடிக்க வேண்டும். அங்கே போய் நிரல் பிழைத்தால் அன்றைய நாள் போச்சு.

முதல் நாளே பிழை பிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, நிரலை மாற்றும் ஒவ்வொரு தடவையும் லப்டொப்பில் தானாக ஓடும் சோதனை. மற்றது, உண்மையான மெகா, மோட்டர் டிரைவர் போர்ட், மோட்டர் எல்லாவற்றையும் மேசையில் பூட்டி, ஜிபிஎஸ்ஸுக்குப் பதிலாக முன்பு பதிந்து வைத்த தரவை ஊட்டிப் பார்ப்பது. லப்டொப் சோதனை சில வினாடிகளில் முடியும், செலவில்லை. மேசைச் சோதனைக்கு ஒரு மாலைப்பொழுது வேண்டும்.

நெடுங்கோட்டுக் கணக்கில் இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள். வன்னியின் நெடுங்கோடு 80 பாகையை ஒட்டியது. 32 பிட் `float` இலக்கத்தில் 80.4 பாகையை வைத்தால் அடுத்தடுத்த இரு பெறுமானங்களுக்கு இடையே ஏறக்குறைய 84 செ.மீ. இடைவெளி விழும். அகலக்கோடு 9.4 தான், அதில் அந்த இடைவெளி வெறும் 10 செ.மீ. கச்சான் வரிசைகள் 45 செ.மீ. இடைவெளியில் வடக்குத் தெற்காக ஓடினால், ரோபோ தன் இடத்தை ஒரே தாவலில் இரண்டு வரிசை தள்ளிக் கணிக்கும். சாதாரண ஜிபிஎஸ்ஸில் இது கண்ணில் படாது, அதன் சொந்தப் பிழையே மீற்றர் கணக்கில் இருக்கும். ஆர்டிகே பூட்டிய பிறகுதான் ரோபோ பக்கவாட்டில் வெட்டி வெட்டிப் போவது தெரியும்.

இதற்கென்று எழுதிய சோதனை இது:

```
void test_lon(void) {
  double a = 80.400000, b = 80.400003;
  TEST_ASSERT_TRUE(a != b);
}
```

இரு புள்ளிகளுக்கும் இடையே தரையில் 33 செ.மீ. இருக்கிறது. `pio test -e native` என்று லப்டொப்பில் ஓட்டினால் சோதனை தேறும், ஏனென்றால் அங்கே `double` 64 பிட். மெகாவில் `double` என்று எழுதினாலும் கிடைப்பது 32 பிட்தான். அதே கோப்பை போர்ட்டில் ஏற்றி ஓட்டும்போது a, b இரண்டும் ஒன்றாகிவிடும், சோதனை தோற்கும். சோதனையில் குறையில்லை, அது ஓடிய இடம்தான் பிழை. திருத்தம் எளிது: பாகையைப் பத்து மில்லியனால் பெருக்கி `int32_t` முழு எண்ணாக வைத்தால் ஒரு படி 1.1 செ.மீ. ஆகும், லப்டொப்பிலும் மெகாவிலும் ஒரே விடை வரும். அதற்குப் பிறகு இந்தக் கணக்கை லப்டொப் சோதனையிடமே நம்பி விடலாம்.

மின்சாரமும் வயரும் சம்பந்தப்பட்ட பிழைகளில் லப்டொப் சோதனைக்கு வேலையே இல்லை. ராஸ்பெரி பையில் ஓடும் நிரல் விழுந்து மறுபடி எழும்பி யுஎஸ்பி இணைப்பைத் திறக்கும்போது மெகா ரீசெட் ஆகும். போர்ட்டின் வடிவமைப்பே அப்படித்தான். அந்த நேரத்தில் அதன் கால்கள் எல்லாம் எந்தப் பக்கமும் இழுபடாமல் மிதக்கும், சில டிரைவர்கள் அந்த மிதப்பை ஓடு என்ற கட்டளையாக எடுத்துவிடும். சக்கரங்களைத் தரையில் இருந்து தூக்கிக் கட்டைமேல் வைத்து, பையின் நிரலைப் பத்துத் தடவை நிறுத்தித் தொடங்குங்கள். ஒரு தடவை சக்கரம் துள்ளினாலும் டிரைவருக்கு வேகத்தைச் சொல்லும் ஒவ்வொரு பிடபிள்யூஎம் வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் தடையி ஒன்று போட வேண்டும். பிறகு சக்கரத்தின்மேல் பலகையொன்றை அழுத்திக் கனம் கொடுத்து, மெகாவுக்குப் போகும் 5 வோல்ற் எவ்வளவு இறங்குகிறது என்று மல்டிமீற்றரில் பாருங்கள். மல்டிமீற்றர் மெதுவானது, மிகக் குறுகிய சரிவைத் தவறவிடும். ஆகவே மெகா ரீசெட் ஆகும்போது ஒரு எல்ஈடி மின்னும்படி `setup()` இல் ஒரு வரி சேர்த்து வைத்தால் நல்லது. கனம் கொடுக்கும்போது அது மின்னினால் மோட்டருக்கும் மெகாவுக்கும் வழங்கல் வயரைப் பிரிக்க வேண்டும்.

ஈர மண்ணில் சக்கரம் வழுக்குவதை இரண்டு வழியும் காட்டாது. அதற்குத் தோட்டம்தான்.

ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், எது மாறியது என்று பார்த்துத் தெரிவு செய்யலாம். கணக்கு மட்டும் மாறியிருந்தால், அதே சோதனைக் கோப்பை மெகாவில் ஒரு தடவை ஏற்றி ஓட்டினால் போதும். வயரோ பற்றரியோ டிரைவரோ மாறியிருந்தால், லப்டொப்பில் எத்தனை சோதனை தேறியிருந்தாலும் கட்டைமேல் தூக்கி வைத்துப் பத்துத் தடவை நிறுத்தித் தொடங்காமல் லான்ட்மாஸ்டரில் ஏற்ற வேண்டாம்.