கோபியில் இரண்டு ‘கோ’: தமிழில் கோப்புப் பெயர் வைத்த ஒன்பது வருட அனுபவம்

கோபிசெட்டிபாளையத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, சீர் அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், நடுவில் ஆன்லைன் விண்ணப்பங்கள். கடை திறந்த நாளிலிருந்தே கோப்புகளுக்குத் தமிழில்தான் பெயர் வைத்தேன். தேடினால் உடனே கிடைக்கும், கூட வேலை செய்யும் பெண்ணுக்கும் அதுதான் வசதி. ஆறு வருடம் அப்படியே ஓடியது. கடைசி மூன்று வருடமாக வெளியே போகும் கோப்பு எதற்கும் தமிழ்ப் பெயர் கிடையாது. காரணம், ஒரு கல்யாணப் பத்திரிகை.

முகூர்த்தம் காலை 6 மணி முதல் 7.30 வரை என்று முதலில் தந்தார்கள். பிறகு ஜோசியர் மாற்றிச் சொல்லிவிட்டார், 4.30 முதல் 6 வரை. நான் திருத்தி, வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பி, சரி என்று பதில் வாங்கி, அச்சுக்குக் கொடுத்தேன். 500 பத்திரிகை. கட்டைப் பிரித்ததும் மணப்பெண்ணின் சித்தப்பா கேட்டார்: “ஏனுங்ண்ணா, நேரம் மாத்தச் சொன்னமுங்களே, பழசே வந்துருக்குதுங்க?”

கம்ப்யூட்டரைத் திறந்தால் ஃபோல்டரில் ‘கோபி.pdf’ இரண்டு. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கவே முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டாகத் தெரிவதை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஃபோல்டர் ரெஃப்ரெஷ் ஆகவில்லை போல என்று விட்டுவிட்டேன், அதுதான் தப்பு. ஒன்று திருத்தியது, இன்னொன்று பழசு. அச்சுக்குப் போனது பழசு.

அன்று ராத்திரி உட்கார்ந்து பழைய ஃபோல்டர்களை எல்லாம் பார்த்தேன். ஈரோடு இரண்டு, பொள்ளாச்சி இரண்டு, திருச்செங்கோடு இரண்டு, கொடுமுடி இரண்டு. பவானி, கரூர், திருப்பூர், நாமக்கல் எல்லாம் ஒன்றே ஒன்று. முதலில் ஊருக்கு ஊர் என்ன வித்தியாசம் என்று புரியவில்லை. பெயர்களைக் காகிதத்தில் எழுதிப் பார்த்ததும் பிடிபட்டது. இரண்டாகிற ஊர்ப் பெயர்களில் எல்லாம் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது.

யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ‘ோ’ என்ற ஒரே குறி வருவது ஒரு விதம். ‘ே’ என்ற கொம்பும் ‘ா’ என்ற காலும் தனித்தனியாக வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றேதான், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் விண்டோஸும் லினக்ஸும் கோப்புப் பெயரை ஒப்பிடும்போது அந்தச் சமத்தைப் பார்ப்பதில்லை, வந்த குறிகளை அப்படியே ஒப்பிடுகின்றன. ‘கொ’, ‘கௌ’ வரிசைகளுக்கும் இதே கதை. கோவை, பொள்ளாச்சி, ஈரோடு என்று வைத்துக்கொண்டு, கொங்கு நாட்டுக்காரன் இதிலிருந்து தப்பிக்க முடியுமா?

சரி, எங்கள் கடைக்குள் இரண்டு விதமும் எப்படி வந்தன? மச்சினன் பையன் பழைய மேக் ஒன்றில் டிசைன் செய்வான். அவனுடைய வெளி ஹார்டு டிஸ்க் HFS+ முறையில் ஃபார்மட் செய்தது. அந்த முறை பெயரைச் சேமிக்கும்போதே ‘கோ’வைக் கொம்பு, கால் என்று பிரித்துவிடும். 2017-ல் மேக்கில் வந்த APFS பிரிப்பதில்லை, ஆனால் பழைய டிஸ்குகள் பழைய மாதிரிதான். அவன் அதிலிருந்த கோப்பை அப்படியே எங்கள் லினக்ஸ் பேக்கப் பெட்டிக்கு ஏற்றினான். நான் விண்டோஸில் திருத்தி, அதே பெயரைத் தட்டச்சு செய்து அதே பெட்டியில் சேமித்தேன். பெட்டிக்கு அவை இரண்டு வேறு கோப்பு.

கண்ணால் பார்த்துத் தெரியாது என்றாலும் எண்ணிப் பார்த்தால் தெரியும். பையன் பைத்தானில் மூன்று வரி எழுதிக் காட்டினான்:

```
import os
for n in os.listdir("."):
    print(len(n), ascii(n))
```

வந்தது இது:

```
8 '\u0b95\u0bcb\u0baa\u0bbf.pdf'
9 '\u0b95\u0bc7\u0bbe\u0baa\u0bbf.pdf'
```

எட்டு குறி உள்ளது சேர்த்து எழுதியது, ஒன்பது உள்ளது பிரித்து எழுதியது. பேக்கப் பெட்டியில் எல்லாவற்றையும் சேர்த்த வடிவத்துக்கு மாற்ற `convmv` என்ற கருவி உதவியது:

```
convmv -r -f utf8 -t utf8 --nfc .
```

இப்படிக் கொடுத்தால் எதையெல்லாம் மாற்றும் என்று காட்டும், அவ்வளவுதான். நிஜமாகவே மாற்ற `--notest` சேர்க்க வேண்டும். அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அதன் மேல் எழுதாமல் விட்டுவிடும். அந்த ஜோடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எது புதிது என்று நானே பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

கருவிக்கும் பிடிபடாத ஒன்று உண்டு. ‘கௌரி’ என்பதைப் பலர் ‘கெ’வுக்குப் பக்கத்தில் ளகரம் போட்டு ‘கெளரி’ என்று அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று, ஆனால் எழுத்தே வேறு. எந்த மாற்றமும் அதைச் சரி செய்யாது, தேடினாலும் கிடைக்காது.

நீளமும் ஒரு தொல்லை. ஒரு கும்பாபிஷேக நோட்டீஸுக்குக் கோயில் பெயர், ஊர், தேதி என்று நீளமாகப் பெயர் வைத்தேன். விண்டோஸ் ஏற்றுக்கொண்டது, பேக்கப் பெட்டி ‘File name too long’ என்றது. விண்டோஸின் NTFS முறையில் 255 குறி வரை போகலாம். லினக்ஸில் வழக்கமான எல்லை 255 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 85 குறிதான். ‘கோபிசெட்டிபாளையம்’ நமக்கு ஒன்பது எழுத்து, கம்ப்யூட்டருக்கு 17 குறி, 51 பைட். அதையே இணைய முகவரியில் போட்டால் ஒவ்வொரு பைட்டும் `%E0` மாதிரி மூன்று எழுத்தாகி 153 எழுத்துக்கு நீளும்.

பதிவேற்றத்தில் வேறு கூத்து. விண்ணப்பத் தளம் ஒன்று ‘பட்டா நகல்.pdf’ஐ ‘Invalid file’ என்று தள்ளியது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தோம். ‘patta (2).pdf’ என்று மாற்றியும் தள்ளியது, அடைப்புக்குறியும் இடைவெளியும் அதற்கு ஆகாது. `patta.pdf` உடனே ஏறியது. இப்போது அந்தச் செய்தி வந்தால் ஸ்கேனரைத் தொடும் முன் பெயரைத்தான் மாற்றிப் பார்க்கிறேன். இன்னொரு முறை ‘bill #45.pdf’ என்ற கோப்புக்குக் கையால் இணைப்பு அடித்து அனுப்பினேன், திறக்கவில்லை. இணைய முகவரியில் `#` வந்தால் அதற்குப் பின்னால் இருப்பதை உலாவி சர்வருக்கு அனுப்பாது. சர்வர் ‘bill ’ என்ற கோப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

இப்போது எங்கள் முறை இதுதான்: `2024-08-19_gobi_kalyanam_v03.pdf`. தேதி முன்னால் இருப்பதால் தானாகவே வரிசைப்படும். சின்ன எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு தவிர வேறு எதுவும் கிடையாது. திருத்தினால் பழையதன் மேல் சேமிப்பதில்லை, எண் ஏறும். ‘final’ என்ற சொல்லுக்குக் கடையில் தடை. தமிழ்ப் பெயரைத் தூக்கி எறியவில்லை. ஒரு எக்செல் பட்டியலில் கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் வீட்டார் பெயர், ஊர், மண்டபம் எல்லாம் தமிழில் இருக்கின்றன, தேடுவது அங்கேதான். என் சொந்த மடிக்கணினியை விட்டு வெளியே போகாத கோப்புக்கு இன்றும் தமிழ்ப் பெயர்தான், அதில் ஒரு கெடுதலும் இல்லை.

ஆனால் ஆங்கில எழுத்துக்குப் போனதும் புதுச் சிக்கல் வந்தது. நான் `kalyanam`, கூட வேலை செய்யும் பெண் `kalyaanam`, பையன் `marriage`. கடைசியில் இருபது சொல்லை அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். அந்தக் காகிதத்தை என்ன பெயரில் சேமித்தோம் என்று மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை.