ஓயாத தொண்டைச் செருமல்: மாத்திரையா, உப்புத்தண்ணியா, மூக்கு ஸ்ப்ரேயா?

மூக்குச் சளி பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். செருமினால் ஒரு நிமிடம் சுகம், அப்புறம் திரும்பவும் அதே. ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிற எனக்கு இது மார்கழி, தை மாதங்களில் உச்சத்துக்குப் போகும். பிள்ளைகள் என் செருமலை வைத்தே நான் எந்த வகுப்பில் நிற்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மாத்திரை, உப்புத்தண்ணி, ஸ்ப்ரே மூன்றையும் பாவித்துப் பார்த்து, இப்போது ஸ்ப்ரேயோடு நிற்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

முதலில், என் சளிக்குக் காரணம் ஒவ்வாமை. காலையில் எழும்பியதும் தும்மல், மூக்கு அரிப்பு, தண்ணியான சளி. பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்து உதறிய அன்று இன்னும் மோசம். மூடியே கிடக்கும் ஈரமான அறையும் பழைய மெத்தையும் தூசிப் பூச்சிக்குச் சொர்க்கம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சியின் கழிவுதான் மூக்கைக் கிளறுகிறது. மூக்கு எப்போதும் சளி சுரக்கும், நாமும் தெரியாமலே விழுங்குவோம். அது கூடும்போதோ தடிக்கும்போதோதான் தொண்டையில் தெரிகிறது.

மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பார்மசியிலும் கிடைக்கும் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை, குளோர்பெனிரமின், தும்மலையும் அரிப்பையும் அடக்கும். கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும், சளியைக் காயவைத்துத் தடிக்கவும் செய்யும். தடித்த சளிக்கு இன்னும் பலமாகச் செரும வேண்டும். செட்டிரிசினில் தூக்கம் குறைவு. ஆனால் மூக்கடைப்புக்கும் பின்பக்கம் இறங்கும் சளிக்கும் அது பெரிதாகக் கேட்பதில்லை. கல்யாண வீடு, நெடுந்தூர பஸ் பயணம் போன்ற ஒருநாள் தேவைக்கு நல்லது.

உப்புத்தண்ணியால் மூக்கைக் கழுவுவது உண்மையிலேயே நல்ல வைத்தியம். அரை லீற்றர் தண்ணிக்கு ஒரு மட்டமான தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா. குனிந்து தலையைச் சரித்து, வாயால் மூச்சு விட்டபடி ஒரு மூக்குத் துவாரத்தில் விட்டால் மற்றதால் வரும். தடித்த சளி, தூசி, அடுப்புப் புகைக் கரி எல்லாம் கழுவுப்பட்டுப் போய்விடும். சரி, பிறகு ஏன் விட்டேன்? பராமரிப்பு.

குழாயிலோ பீலியிலோ வரும் தண்ணியை அப்படியே மூக்கில் விடக் கூடாது. குடிக்கும் தண்ணியில் இருக்கும் கிருமியை வயிற்று அமிலம் ஓரளவு சமாளிக்கும், மூக்குக்குள் அந்தக் காவல் இல்லை. மூக்கு வழியாக மூளைக்கு ஏறி உயிரையே எடுக்கும் ஒருவகை அமீபா இருக்கிறது. மிக அரிதுதான், ஆனால் அதற்காகவே கொதிக்கவைத்து ஆறிய தண்ணி கட்டாயம். அதிலும் நமக்கு ஒரு சிக்கல். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணி 100 பாகைக்குப் போகாமல், 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். சமதரையில் கொதி வந்து ஒரு நிமிடம் போதும் என்பார்கள், நல்ல உயரத்தில் மூன்று நிமிடம். நம்ம பக்கம் மூன்று என்றே வைத்துக்கொள்வது நல்லது. பிறகு ஆற விட வேண்டும். விடிய முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவர் இதை முதல்நாள் இரவே செய்து மூடி வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு போத்தல். ஒவ்வொரு முறையும் கழுவி உள்ளே காயவைக்க வேண்டும். ஆனால் மழையும் பனிமூட்டமும் பிடித்த கிழமையில் கொடியில் போட்ட சட்டையே காயாது, இடுங்கிய வாயுள்ள பிளாஸ்டிக் போத்தல் எங்கே காயப் போகிறது? என் போத்தலின் அடியில், மூலை வளைவில், கறுப்புப் புள்ளிகளும் விரலில் வழுக்கும் ஒரு படலமும் வந்திருந்தன. ஒவ்வாமையால் வரும் தொல்லைக்குப் பூஞ்சணம் பிடித்த போத்தலால் வைத்தியம் செய்வதில் அர்த்தமில்லை. வெயில் விழும் முற்றமும் பொறுமையும் உள்ளவருக்கு இது சரிவரும்.

ஸ்ப்ரேக்கு இதெல்லாம் வேண்டாம். புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீரொயிட் ஸ்ப்ரே மூக்குச் சவ்வின் வீக்கத்தையே குறைப்பதால், ஒவ்வாமையால் வரும் அடைப்புக்கும் ஒழுகலுக்கும் மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும். ஸ்டீரொயிட் என்றதும் பயப்படுகிறார்கள். இது மைக்ரோகிராம் அளவில் மூக்குக்குள் மட்டும் படுவது, உடம்புக்குள் போவது மிகக் குறைவு. ஆனாலும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் டொக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பலர் இதை “கேட்கவில்லை” என்று வீசுவதற்கு இரண்டு காரணம். ஒன்று அவசரம். எனக்கு மருந்து எழுதிய டொக்டர், “சேர், நாளைக்கே சுகம் தேடாதீங்க, ரெண்டு கிழமை விடாம அடிச்சிட்டு வாங்க” என்றார். அடைப்பு வந்த நாளில் மட்டும் அடித்தால் பெரிய பலன் இல்லை. மற்றது, அடிக்கும் திசை. தலையைப் பின்னால் சாய்க்காமல் கொஞ்சம் முன்னால் குனிந்து, வலது கையால் இடது துவாரத்திலும் இடது கையால் வலது துவாரத்திலும், முனை அந்தப் பக்கத்துக் காதை நோக்கும்படி பிடித்து அடிக்க வேண்டும். கையை மாற்றிப் பிடித்தாலே நடுத்தண்டில் படாது. நடுத்தண்டில் பட்டால் எரிவும் இரத்தக் கசிவும் வரும். பலமாக உறிஞ்சவும் கூடாது. தொண்டையில் கசப்பு தட்டினால் மருந்து மூக்கில் நிற்காமல் வயிற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

120 முறை அடிக்கும் போத்தலில், துவாரத்துக்கு இரண்டு வீதம் நாளுக்கு ஒருதடவை என்றால் ஒரு மாதம் ஓடும். சுகம் கண்டபின் டொக்டர் ஒன்றாகக் குறைத்தால் இரண்டு மாதம். அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தோடு இதைக் குழப்பக் கூடாது. அந்தச் சொட்டு ஒரு கிழமையைத் தாண்டினால் அதுவே அடைப்பை உண்டாக்கும். கழுவலும் ஸ்ப்ரேயும் சேர்த்துச் செய்கிறவர் கழுவிவிட்டுத்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கழுவுப்பட்டுப் போகும்.

இவ்வளவும் மூக்கு காரணமாக இருந்தால்தான். எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவருக்கும் இதே செருமல். ஆனால் தும்மல் இல்லை, மூக்கு சுத்தம். இரவு பிந்திச் சாப்பிட்டு, ஒரு தேத்தண்ணியும் குடித்துப் படுப்பவர். காலையில் குரல் கம்மும், தொண்டையில் உருண்டை மாதிரி இருக்கும். அது வயிற்று அமிலம் மேலேறுவது. நெஞ்செரிவு இல்லாமலும் வரும். அவர் சாப்பாட்டை மூன்று மணி நேரம் முன்தள்ளி, கட்டில் தலைமாட்டை உயர்த்தியதும் குறைந்தது. ஸ்ப்ரே அவருக்கு வீண் செலவு. எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை குடிப்பவர்களுக்கு வரும் வறட்டு இருமலும் செருமலும் இன்னொரு கதை, அதற்கு மாத்திரையை மாற்றித் தருவார்கள்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி, இரத்தம், விழுங்கச் சிரமம், மெலிவு, மூன்று கிழமைக்கு மேல் குரல் கம்மல் என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம், நேரே ஈ.என்.டி. கிளினிக். முகம் பாரமாகி, மஞ்சள் சளியோடு 12 கிழமை தாண்டினாலும் அதேதான். நீண்டநாள் பீனிசத்துக்குக் கழுவல் ஸ்ப்ரேக்குச் சமமாக நிற்கும் என்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் வந்ததில்லை, அதனால் அங்கே என் சாய்வை நம்ப வேண்டாம்.