"நானே எடுத்த படம்" என்று எடிட்டர் ஒட்டிக் கொடுத்த விளக்கு: அட்டைப்படம் செய்கிறவர்கள் கவனத்துக்கு

படத்தில் உடைந்தோ அழுக்காகவோ இருக்கும் ஒரு பொருளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் நல்லதாக ஒன்றை வைத்துத் தரும் வேலையை வெளியாளிடம் கொடுக்கப் போகிறீர்களா? அந்த நல்ல பொருள் எங்கிருந்து வருகிறது என்பதை எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள். எழுத்தில் வாங்கியும் நான் மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நான் புத்தக அட்டைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவன். ஒரு நாவலுக்காக மேசை, பழைய கடிதக் கட்டு, பக்கத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு என்று எடுத்த படம் பதிப்பாளருக்குப் பிடித்துப் போனது. விளக்கின் கண்ணாடிக் கூண்டில் ஒரு விரிசல் மட்டும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. அதைச் சரிசெய்யத்தான் ரீடச்சிங் செய்யும் ஓர் எடிட்டரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, விரிசல் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்புக்குக் குறுக்கே ஓடுகிறது, அதை வரைந்து மறைத்தால் செயற்கையாகத் தெரியும், விளக்கையே மாற்றிவிடலாம் என்றார். இது நியாயமான யோசனைதான். மாற்று விளக்கு யாருடைய படம் என்று கேட்டேன். "என் சொந்தக் கலெக்‌ஷன் சார், நானே எடுத்தது, ஒரு பிரச்சினையும் வராது" என்று பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

படம் வந்தது. நன்றாகவே செய்திருந்தார், அதை மறுக்க மாட்டேன். படத்தை முழுதாகப் போட்டு இணையத்தில் தேடியும் பார்த்தேன், எதுவும் கிடைக்கவில்லை. புத்தகம் அச்சாகிக் கடைக்குப் போன பிறகு, எனக்கும் பதிப்பாளருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஒரு புகைப்படக்காரர். கோபமாக ஒரு வரிகூட இல்லை. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருந்தார்: ஒன்று எங்கள் அட்டை, மற்றது அவருடைய விளக்குப் படம், இடவலமாகத் திருப்பியது.

எண்ணெய்த் தொட்டியின் விளிம்பில் ஒரு நசுங்கல். கைப்பிடிக் கம்பியில் யாரோ பழைய கயிற்றைச் சுற்றிவிட்டுப் போன தடம். கண்ணாடியில் ஒரு ஜன்னலின் பிரதிபலிப்பு, அதன் அடியில் கருப்பாக ஒரு சின்னத் திட்டு, அது அவருடைய ட்ரைபாட். இந்த மூன்றும் எங்கள் அட்டையில் அப்படியே இருந்தன. அவர் படத்தில் தொட்டியின் மேல் புடைப்பெழுத்தில் ஏதோ பெயர் இருக்கிறது. எங்கள் அட்டையில் அந்த இடம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. என் மேசையில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது, அவர் படத்தில் வலப்பக்கத்திலிருந்து. வெளிச்சம் பொருந்துவதற்காக எடிட்டர் விளக்கைத் திருப்பியிருக்கிறார், திருப்பியதும் எழுத்து இடவலம் மாறித் தெரியும், அதனால் அதைக் குளோன் செய்து அழித்திருக்கிறார். என் தேடலில் சிக்காததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். படத்தில் முக்கால் பங்குக்கு மேல் என்னுடையது, விளக்கு ஓர் ஓரத்தில் சின்னதாக, அதுவும் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பி. மின்னஞ்சல் வந்த பிறகு விளக்கை மட்டும் வெட்டி எடுத்து, திருப்பிப் போட்டுத் தேடினேன், உடனே மூலப் படம் வந்து நின்றது. மாற்றுப் பொருள் உள்ள படத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் இப்படித்தான் தேட வேண்டும்: பொருளை மட்டும் வெட்டி ஒருமுறை, அதையே திருப்பி இன்னொருமுறை.

எடிட்டரிடம் கேட்டேன். முதலில், அரிக்கேன் விளக்கு ஊரில் எல்லோரிடமும் இருக்கிற பொருள், அதற்கு யார் உரிமை கொண்டாட முடியும் என்றார். கேட்கச் சரி போலத்தான் இருக்கும். விளக்கு என்ற பொருளுக்கு அந்தப் புகைப்படக்காரர் உரிமை கேட்கவே இல்லை. அதே மாதிரி விளக்கை வாங்கி நான் படம் எடுத்திருந்தால் அவர் ஒரு வார்த்தை பேச முடியாது. அவருடையது அந்த விளக்கின் அந்தப் படம்: எந்தக் கோணம், எந்த ஜன்னல் வெளிச்சம், கண்ணாடியில் எது பிரதிபலிக்கும் என்பதெல்லாம் அவர் தேர்ந்தெடுத்தது. எடிட்டர் வெட்டி எடுத்ததும் அதைத்தான். படத்தை எடுத்த கணத்திலேயே அந்த உரிமை வந்துவிடுகிறது, எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிப்புரிமை பற்றிய பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில் எல்லாம் இதுதான் நிலை. (நல்லவேளை, இது சாதாரண விளக்கு. வெட்டி எடுத்தது ஒரு சிற்பமாகவோ ஓவியமாகவோ இருந்திருந்தால், படம் எடுத்தவரோடு சிற்பியின் அனுமதியும் தேவைப்பட்டிருக்கலாம்.)

அப்புறம் கதை மாறியது. "நானே எடுத்தது" போய், பின்புலம் நீக்கிய பி.என்.ஜி. படங்கள் தரும் ஒரு தளத்தில் எடுத்ததாகவும் அங்கே இலவசம், காப்பிரைட் இல்லை என்று போட்டிருந்ததாகவும் சொன்னார். இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அந்தத் தளத்தில் ஏற்றியவர் யாரோ ஒருவர், விளக்கைச் சுற்றி வெட்டியது மட்டும்தான் அவர் வேலை. பின்புலத்தை நீக்கிவிட்டால் மூலப் படத்தின் உரிமை கூடவே நீங்கிவிடாது. தன்னிடம் இல்லாத உரிமையை அந்தத் தளம் இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. பக்கத்தில் எவ்வளவு பெரிதாக "இலவசம்" என்று எழுதியிருந்தாலும், படம் எடுத்தவர் பெயரும் மூலப் படத்துக்குப் போகும் சுட்டியும் இல்லையென்றால் அது உரிமமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நிறம் மாற்றிவிட்டேன், திருப்பிவிட்டேன், முப்பது சதவீதம் மாற்றினால் சட்டப்படி புதுப் படம்தானே என்றார். அப்படி ஒரு சதவீதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இருப்பதாக நான் பார்த்ததில்லை. எவ்வளவு மாற்றினீர்கள் என்பதை விட, எடுத்த பகுதி மூலப் படத்தில் எவ்வளவு முக்கியமானது என்பதுதான் பெரும்பாலும் பார்க்கப்படும். புகைப்படக்காரரின் படத்தில் இருந்ததே அந்த விளக்கு ஒன்றுதான்.

சரி, உரிமம் என்ன என்று மூலப் படத்தின் பக்கத்தில் போய்ப் பார்த்தால் `CC BY-SA 4.0`. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில் ஒன்று, அதாவது வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், வெட்டலாம், மாற்றலாம், காசு தர வேண்டாம். எடிட்டர் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே இதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஏனென்றால் காசு இல்லையே தவிர நிபந்தனைகள் உண்டு. எடுத்தவர் பெயர் போட வேண்டும், உரிமத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றம் செய்திருப்பதைச் சொல்ல வேண்டும். இவ்வளவும் அட்டையின் உள்பக்கத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும். சிக்கல் அந்த `SA` என்ற இரண்டெழுத்தில் இருக்கிறது: அந்தப் படத்தை வைத்து நீங்கள் உருவாக்கி வெளியிடும் படத்தையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும். விளக்கை என் மேசையில் ஒட்டிச் செய்த படம் அப்படி உருவானதுதான். நாவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எழுத்து தனிப் படைப்பு. ஆனால் அட்டைப்படம், என் மேசை என் கடிதக் கட்டு எல்லாம் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட வேண்டும். நானோ அந்தப் படத்தைப் பதிப்பாளருக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றாக நடக்காது. பெயரைப் போட்டுவிட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது சொன்னால், எந்த உரிமம் என்று முதலில் கேளுங்கள். `BY` மட்டும் என்றால் அவர் சொல்வது ஏறக்குறைய சரி. `ND` இருந்தால் மாற்றிய படத்தை வெளியிடவே கூடாது, வெட்டி ஒட்டுவதற்கு அது உதவவே உதவாது. `NC` இருந்தால் விற்பனைக்கு வரும் புத்தகத்தில் கை வைக்காதீர்கள்.

இந்த உரிமத்தின் 4.0 பதிப்பில் ஒரு சலுகை இருக்கிறது. நிபந்தனையை மீறினால் உங்கள் உரிமம் தானாகவே போய்விடும், ஆனால் மீறியது தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் திரும்ப வந்துவிடும். இதைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. மறுபடி படித்தபோதுதான் தெரிந்தது, உரிமம் சரிசெய்த நாளிலிருந்துதான் திரும்ப வருகிறது, அதற்கு முன் நடந்த மீறலுக்கு உரிமையாளர் இழப்பீடு கேட்பதை அது தடுக்காது. அச்சாகிக் கடையில் இருக்கும் பிரதிகள் எல்லாம் அந்த "முன்" கணக்கில்தான் வரும்.

கடைசியில் வழி அந்தப் புகைப்படக்காரரிடமே இருந்தது. பொதுவில் ஒரு உரிமத்தில் விட்ட படத்துக்கும், உரிமையாளர் தனியாக ஒருவருக்கு வேறு அனுமதி எழுதிக் கொடுக்கலாம். அச்சாகிய பிரதிகளுக்கு மட்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார், ஒரு தொகை வாங்கிக்கொண்டார், இணையத்தில் இருக்கும் அட்டைப் படங்களை மாற்றச் சொன்னார். தொகை என் கையிலிருந்து போனது. அடுத்த அச்சுக்கு வேறு விளக்கை வாங்கி அதே மேசையில் வைத்து எடுத்துக் கொடுத்தேன்.

எடிட்டரிடம் லேயர்கள் பிரிந்த கோப்பைக் கேட்டேன், ஒட்டிச் சமன்செய்த ஜே.பி.ஜி. மட்டும்தான் இருக்கிறது என்றார். நம்பவில்லை. ஃபோட்டோஷாப்பில் வெளிப் படத்தை உள்ளே இழுத்துப் போட்டால் அந்த லேயருக்கு மூலக் கோப்பின் பெயரே விழும், யாராவது மெனக்கெட்டு மாற்றினால் ஒழிய. நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: ஒட்டிய பொருள் சின்னப் படத்திலிருந்து இழுத்துப் பெரிதாக்கியதாக இருந்தால், சுற்றிலும் மணல் போல் நாய்ஸ் இருக்க, பொருள் மட்டும் மெழுகு பூசியது போல் இருக்கும். எங்கள் விளக்கு அப்படித்தான் இருந்தது. ரீடச்சிங் செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று அப்போதே ஒரு சமாதானம் சொன்னார்.

இப்போது எந்த எடிட்டருக்கும் வேலையோடு சேர்த்து இதை அனுப்புகிறேன், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"என் படத்துக்கு வெளியிலிருந்து சேர்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும் மூலப் படத்தின் சுட்டி, எடுத்தவர் பெயர், உரிமம், எடுத்த தேதி ஆகியவற்றைத் தர வேண்டும். உங்கள் சொந்தப் படம் என்றால் வெட்டாத மூலக் கோப்பைத் தர வேண்டும். லேயர்களோடு கோப்பு வந்த பிறகே மீதித் தொகை. இதில் சொன்னது தவறாக இருந்து உரிமைக் கோரிக்கை வந்தால் அந்தச் செலவு உங்களுடையது."

இதை அனுப்பியதும் ஒருவர் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். எங்கள் எடிட்டர் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். விளக்கு மாற்றும் முன், மாற்றிய பின் என்று இரண்டையும் தன் மாதிரிப் பக்கத்தில் இன்னும் வைத்திருக்கிறார். அந்தச் சுட்டியையும் புகைப்படக்காரருக்கு அனுப்பிவிட்டேன், நீக்கச் சொல்லி அவர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்.