புஜங்கமா, விருத்தமா?

குமாரகோவிலில் கூட்டாகப் பாட, சுப்ரமண்ய புஜங்கம் என்ற வடமொழித் துதியைத் தமிழாக்கிக் கேட்டார்கள். அதன் சந்தம் புஜங்கப்பிரயாதம், அதாவது பாம்பின் நடை. அதில் ஓரடிக்கு 12 எழுத்து: குறில், நெடில், நெடில் என நான்கு முறை. ஒற்றடுத்த குறிலும் நெடில் கணக்குதான். ‘ஸதா பாலரூபாபி விக்னாத்ரி ஹந்த்ரீ’ என்ற முதலடியை இப்படி வைத்தேன்:

சிறார்போல் சிரித்தே தடைக்குன் றிடிப்பாய்

தமிழ் யாப்பில் எல்லாம் புளிமாச்சீர். ஆனால் புளிமாவை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம். ‘சிறுவன்’ என்பதும் புளிமாதான். அதில் குறில் இரண்டு சேர்ந்து வருவதால் மெட்டு தடுக்கும். யாப்பு சரியென்னும், கைத்தாளம் காட்டிக்கொடுக்கும். இன்னொரு தொல்லை, இடம் நிரப்பும் சொற்கள். மூலத்தில் சிரிப்பே கிடையாது, ‘சிரித்தே’ நான் செருகியது!

அறுசீர் விருத்தமென்றால் அந்த நெருக்கடி இல்லை. பொருள் முழுசாக வரும், நான்கடியையும் எதுகை கட்டிவைக்கும். ஒருவர் தாளமின்றி ராகத்தில் இழுத்துப் பாட அருமை. ஆனால் பாம்பு நெளிகிற அந்த நடை போய்விடும். மூலத்தின் மெட்டில் தமிழைப் பாட முடியாது.

ஒரு சுலோகம் வடமொழியில், அடுத்தது தமிழில் என மாற்றி மாற்றிப் பாடும் கூட்டம் அது. அதனால் புஜங்கத்தையே எடுத்தேன். முதல் சுலோகத்துக்கே மூன்று மாலை ஆனது.