மயில்கழுத்துப் பட்டு ஒன்று, படக்குறிப்பு இரண்டு

வேலூர்க் கடை ஒன்றின் ஆரணிப் பட்டுச் சேலையைப் படமெடுக்க, ஒளிப்படக்காரருக்கு இரண்டு படக்குறிப்புகள் எழுதினேன். நெடுக்கே ஓடும் நீலப் பாவில் குறுக்கே பச்சை ஊடை ஓடும் மயில்கழுத்து நிறம், சரிகைக் கரை. இரண்டையும் அருகருகே வைக்கிறேன்.

முதல் குறிப்பு இது: "பட்டின் பளபளப்பு எடுப்பாகத் தெரிய வேண்டும். பின்னணி கோட்டை. கல்யாணக் களை வேண்டும்." படிக்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் பளபளப்பு என்றதை ஒளிப்படக்காரர் அதிக வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு, நேரெதிரே நின்று ஃபிளாஷ் அடித்தார். சரிகை வெள்ளைப் பட்டையாக வெளுத்துவிட்டது. சேலையின் உடல் தட்டையான நீலமானது. பச்சை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. தவறு அவருடையதல்ல, என் சொல்லினுடையது.

இரண்டாவது குறிப்பில் பளபளப்பு என்ற சொல்லே இல்லை. "வெளிச்சம் இடப்பக்கமிருந்து சாய்வாக விழட்டும். ஃபிளாஷ் வேண்டாம். ஒரே மடிப்பின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையும் தெரிய வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் சரிகை இழை இழையாகத் தெரிய வேண்டும்." பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் ஒளியைத் திருப்புகிறது. மடிப்பும் பக்க வெளிச்சமும் சேர்ந்தால்தான் இரண்டு நிறமும் வெளிவரும்.

அதனால்தான் சேலைக் கட்டும் மாறியது. முந்தானையை மடித்துக் குத்தினால் கரை அடுக்கடுக்காக அழகாக விழும், ஆனால் முந்தானை வேலைப்பாடு உள்ளே ஒளிந்துகொள்ளும். இந்தச் சேலைக்கு முந்தானையை ஒற்றையாக விட்டு முன்கையில் ஏந்தச் சொன்னேன். அது தளர்ந்து விழும் இடத்தில்தான் மயில்கழுத்து உயிர் பெறுகிறது. கொசுவத்துக்கு ஒரு வரி போதும்: ஒரே அகல மடிப்பு, கரை தரையைத் தொடாமல்.

பின்னணியில் கோட்டையை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். மினுக்கில்லாத கருங்கல் முன்னால் பட்டு தனித்துத் தெரியும். சாலையோர விளம்பரப் பலகைக்கு அதுவே பொருத்தம். ஆனால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், வணிகப் படப்பிடிப்புக்கு முன்அனுமதி வேண்டும். பெண்ணைப் புல்தரையில் நிறுத்தவும் கூடாது. வெயில் புல்லில் விழுந்து எழும் பச்சைச் சாயல் கொசுவத்தின் கீழ்ப்பாதியில் ஏறிவிடுகிறது. நிறம் பார்த்து வாங்குகிறவர்களுக்கான படத்துக்குச் சுண்ணாம்பு அடித்த முற்றமே என் தேர்வு. வெள்ளைச் சுவர் நிழலை மென்மையாக்கும், தன் நிறத்தைச் சேலைமேல் பூசாது.

கல்யாணக் களைக்குப் பதில் ஒரு செயலை எழுதினேன்: "தாம்பூலத் தட்டை ஏந்திக் கூடத்திலிருந்து முற்றத்துக்கு வருகிறாள், யாரையோ பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறாள்." சிரி என்று சொல்லாமலேயே அந்தப் பெண் சிரித்தாள், தட்டின் கனத்தில் முந்தானையும் தானாக மடிந்தது.

படங்கள் வந்ததும் சேலையைச் சன்னலோரம் விரித்துத் திரையோடு ஒப்பிட்டோம். முதல் குறிப்பின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வேறு சேலை" என்றார் கடைக்காரர். இரண்டாவதைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் மடிப்பை விரலால் நீவினார்.